தன்மை ஒருமை இறந்தகாலம்

'செத்தேன்' என்பதைப் பகுபதமாகப் பிரித்தால் 'சா' பகுதி. அது 'செ' எனத் திரிந்திருக்கிறது. தகர ஒற்று இறந்தகாலம் காட்டும் இடைநிலை. 'ஏன்' தன்மை ஒருமை விகுதி. முதலாண்டு மாணவிகூட இதைச் சரியாக எழுதிவிடுவாள். எழுதி முடித்த பிறகு, "இந்தச் சொல்லை உண்மையாகச் சொல்லக்கூடியவர் யார்?" என்று கேட்டால் வகுப்பு ஒரு கணம் அமைதியாகி, பிறகு சிரிக்கும். செத்தான் உண்டு, செத்தாள் உண்டு, செத்தார்கள் நிறைய உண்டு. செத்தேன் என்று சொல்ல ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார். இலக்கணப்படி பிழையே இல்லாத, ஆனால் எந்த நாளும் மெய்யாகாத ஒரு வினைமுற்று அது.

அந்தச் சொல்லைத்தான் என் மாணவிகள் ஒரு நாளைக்குப் பத்து முறையாவது கைப்பேசியில் தட்டுகிறார்கள். செத்தேன், செத்துட்டேன், செத்துட்டேன்டி. கூடவே முடியல, முடியலலல, கதறிட்டேன், கதறல். சிலர் ஆங்கிலத்தில் 'டெட்', 'ஐ கான்ட்', 'ஸ்க்ரீமிங்' என்று போடுகிறார்கள். அதற்கும் சோம்பல் வந்தால் ஒரு மண்டையோடு. இத்தனையும் எதற்கு என்று மேலே ஏறிப் பார்த்தால், விடுதிச் சாப்பாட்டில் இட்லி உருண்டையாக இல்லாமல் சதுரமாக இருக்கிறது என்று ஒருத்தி படம் போட்டிருப்பாள். அவ்வளவுதான். புன்னகைக்கே ஒரு மாற்றுக் குறைவான விஷயம்.

இதைக் கண்டு சலித்துக்கொள்ளும் ஆசிரியர்கள் எங்கள் துறையிலேயே உண்டு. தமிழ் செத்துக்கொண்டிருக்கிறது என்பார்கள். (அவர்களும் அதே வினையைத்தான் பிடித்துத் தொங்குகிறார்கள்.) எனக்கு அந்தச் சலிப்பு வரவில்லை. பெண்கள் திரும்பத் திரும்ப ஒரு சொல்லைப் புழங்கினால் அதில் ஏதோ வேலை நடக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றும்.

உயிரோடு இருப்பவர் செத்தேன் என்று சொல்ல இலக்கணம் எப்போதோ வழி விட்டுவிட்டது. நன்னூல் காலவழுவமைதி என்று ஒன்றைச் சொல்கிறது. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகிய நான்கு காரணங்களால் ஒரு காலத்துக்குரிய வினையை இன்னொரு காலத்தில் சொல்லலாம். தட்டில் சோறு இருக்கும்போதே, வாசலில் நின்று கூப்பிடுகிறவரிடம் "சாப்பிட்டுட்டேன், வந்துட்டேன்" என்கிறோமே, அது விரைவு. கையும் கழுவவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. ஆனாலும் கேட்பவர் நம்மைப் பொய்யர் என்று நினைப்பதில்லை. இனி நடக்கப்போவதை நடந்து முடிந்ததாகச் சொன்னால், அது அவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்று பொருள்.

எங்கள் ஊர்ப்பக்கம் பெண்கள் செத்தேன் என்ற சொல்லை இந்த வழியாகத்தான் முதலில் பிடித்தார்கள். சிரிப்புக்காக இல்லை, பயத்துக்காக. "மாமியாருக்குத் தெரிஞ்சா செத்தேன்." "அப்பன் பாத்தா செத்தேன்." நான் ராசிபுரத்தில் பள்ளிக்கூடம் படித்த காலத்தில், தேர்த்திருவிழாவில் ராட்டினம் சுற்றிவிட்டு இருட்டிய பிறகு வீடு திரும்பும்போது என் பெரியம்மா மகள் வழி நெடுக இதையே சொல்லிக்கொண்டு வந்தாள். அந்த வாக்கியத்துக்கு எப்போதும் இரண்டு பாகம் உண்டு. முன்னால் ஓர் 'ஆல்' விகுதி: தெரிந்தால், பார்த்தால், கேட்டால். அதாவது யாரோ ஒருவருடைய கண். பின்னால் செத்தேன். இங்கே இறந்தகாலம் விரைவுக்காக வரவில்லை. அது தெளிவு, ஐயமில்லாத முடிவு. அவர் பார்ப்பது நடந்தால் என் சாவும் நடந்ததாகவே கொள்ளலாம்.

வேறு ஊரில் இதை உயர்வு நவிற்சி என்று சொல்லிக் கடந்துவிடலாம். சேலம், நாமக்கல் சமவெளியில் அப்படிக் கடக்க முடியாது. 2015 ஜூனில் ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் திருச்செங்கோடு மலைக்கோயிலில் உடன் படித்த தோழியோடு பேசிக்கொண்டிருந்தார். அவர் தலித், தோழி வேறு சாதி. அங்கிருந்து கடத்தப்பட்டவரின் உடல் மறுநாள் பள்ளிபாளையம் அருகே இரயில் பாதையில் கிடந்தது. 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் குற்றவாளிகளுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. செய்தியில் இது ஒரு வழக்கு. எங்கள் வகுப்பறைகளில் இது வேறு மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு சில மாதங்கள், ஒரு பையனோடு பேருந்து நிறுத்தத்தில் நின்று பேசிய பெண் "எங்க அண்ணன் பாத்திருந்தா செத்தேன் மேம்" என்று சொன்னால் அதைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை. அந்த வாக்கியத்தில் 'செத்தான்' என்றும் ஒரு சொல் மறைந்திருக்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்தது.

ஆகவே இன்றைய பெண்கள் சதுர இட்லிக்குச் செத்தேன் என்று போடும்போது எனக்கு முதலில் கண்ணில் படுவது அதன் முன்பாதி காணாமல் போனதுதான். 'பார்த்தால்' இல்லை. யாருடைய கண்ணும் இல்லை. பயத்தில் மட்டும் வந்த சொல்லைப் பிய்த்து எடுத்துச் சிரிப்பில் போட்டுவிட்டார்கள். இதைத் திட்டம் போட்டுச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. உலகம் முழுக்க இளையவர்கள் ஆங்கிலத்தில் செய்வதன் தொற்று இதில் உண்டு. ஆனால் தொற்றி வந்த சொல், இங்கே ஏற்கெனவே கிடந்த ஒரு பழைய சொல்லின் மேல்தான் வந்து உட்கார்ந்தது.

என் அம்மாயி இருந்திருந்தால் வாயைக் கழுவச் சொல்லியிருக்கும். சாவு என்ற சொல்லை வீட்டுக்குள் சொல்லக் கூடாது. சொல்லும் நேரத்தில் பல்லி சத்தம் போட்டுவிட்டால் அது பலித்துவிடும். நிஜமாகவே யாராவது இறந்தாலும் அம்மாயி செத்தார் என்று சொன்னதில்லை. "தவறிட்டாங்க", "போய்ச் சேந்துட்டாங்க" என்றுதான் சொல்லும். நன்னூல் இதற்கு மங்கலம் என்று பெயர் வைத்திருக்கிறது. செத்தாரைத் துஞ்சினார் என்பதும், சுடுகாட்டை நன்காடு என்பதும் அதற்கு உரைகாரர்கள் தரும் பழைய எடுத்துக்காட்டுகள். மங்கலத்தோடு அதே வரிசையில் குழூஉக்குறியும் வருகிறது. ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் விளங்கும்படி ஒரு பொருளின் பெயரை மாற்றிச் சொல்வது அது. பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பது போல. என் மாணவிகள் மங்கலத்தைத் தலைகீழாகப் பிடித்துக் குழூஉக்குறி செய்திருக்கிறார்கள். செத்தவரைச் செத்தார் என்று சொல்லாத ஊரில், சாகாதவள் செத்தேன் என்கிறாள். தன் வீட்டுத் துக்கத்தைச் சொல்லும்போது அவளும் "தாத்தா தவறிட்டாங்க மேம்" என்றுதான் எழுதுகிறாள். ஒரே விரல், ஒரே திரை. இரண்டையும் அவள் ஒரு நாளும் குழப்பிக்கொண்டதில்லை.

தொல்காப்பியரின் மெய்ப்பாட்டியலில் நகை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கிலிருந்து பிறக்கும். இழவு அழுகைக்குக் காரணம். இழவை அங்கிருந்து தூக்கி நகைக்குப் பக்கத்தில் வைத்த பெருமை இந்தத் தலைமுறைக்கு என்று வகுப்பில் ஒருமுறை சொன்னேன். ஒருத்தி உடனே, "ஊர்ல எல்லாரும் 'என்ன எழவோ'ன்னுதான மேம் பேசறாங்க, நாங்கதான் மொதல்லயா?" என்றாள். சரிதான்.

ஏன் இவ்வளவு பெரிய சொல் என்பதற்கு வருகிறேன். முகம் பார்த்துப் பேசும்போது சிரிப்பின் அளவைச் சொல்லச் சொல் வேண்டியதில்லை. முறுவல், அளவான சிரிப்பு, பெருஞ்சிரிப்பு என்று உரைமரபு நகையை மூன்றாகப் பிரிக்கிறது. மூன்றையும் உதடும் தொண்டையும் வயிறும் காட்டிவிடும். திரையில் அந்த மூன்றும் கிடையாது. எழுத்து மட்டும்தான். அதனால் எழுத்து ஓர் அளவுகோலாக வேண்டியிருக்கிறது. அளவுகோலைப் பலபேர் ஓயாமல் புழங்கினால் அது தேயும்.

தேய்வது தமிழுக்குப் புதிதில்லை. நிரம்ப என்பது ரொம்ப ஆயிற்று. அப்போது அதற்குள் விளிம்பு வரைக்கும் நிறைந்த ஒரு பாத்திரம் இருந்தது. இன்று ரொம்ப என்றால் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். அது போதாமல் பயங்கரம் வந்தது. "பயங்கரமா நல்லா இருக்கு" என்று கல்யாணச் சேலையைப் பார்த்துச் சொல்கிறோம், யாருக்கும் பயமில்லை. பிறகு மரண. மரண மாஸ், மரண பங்கம். அதுவும் தேய்ந்துகொண்டிருக்கிறது. சிரிப்புக்கும் இதே கதைதான். ஒரு காலத்தில் 'ஹா ஹா' என்று எழுதினால் சிரித்ததாகப் பொருள். பிறகு அழுதுகொண்டே சிரிக்கும் மஞ்சள் முகம் வந்தது. 2015இல் ஆக்ஸ்போர்டு அகராதிக்காரர்கள் அந்த ஆண்டின் சொல்லாக அந்தப் படத்தைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். என் மாணவிகளுக்கு இன்று அது அத்தைகளின் அடையாளம். நான் அதைப் போட்டால் "மேம் பழைய ஸ்டைல்" என்கிறார்கள்.

அவர்களிடம் பேசிப் பேசி நான் தெரிந்துகொண்ட இன்றைய விலைப்பட்டியல் ஏறக்குறைய இது. 'ம்' என்று மட்டும் போட்டால் சண்டை. 'ஓகே' என்று புள்ளி வைத்தால் கோபம். 'ஹா ஹா' என்றால் நக்கல், அதாவது சிரிப்பு வரவில்லை என்று அர்த்தம். 'செத்தேன்' என்றால் சரி, பார்த்தேன், உன் கூடத்தான் இருக்கிறேன். அவ்வளவுதான் அதன் பொருள். பாட்டி கதை சொல்லும்போது நாம் உம் கொட்டுவோமே, அது. உம் நின்றால் கதையும் நிற்கும். "தூங்கிட்டியா?" என்று கேட்பாள். இந்த உம்மைத்தான் நான்கு எழுத்தில் நீட்டி எழுதுகிறார்கள்.

உம் கொட்டுவது யாருடைய வேலை என்பது அடுத்த கேள்வி. எங்கள் வீட்டு வாட்ஸ்அப் குழுவில் முப்பது பேருக்கு மேல் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு உறவில் ஒருவர் ஒரு பகடி போடுவார். பெரும்பாலும் மனைவி சம்பந்தப்பட்டது. மனைவி கேஸ் சிலிண்டர் மாதிரி, வந்த புதிதில் கனம், போகப் போக வெறும் சத்தம் என்கிற வகை. பத்து நிமிடத்துக்குள் கீழே வரிசையாக வந்துவிடும்: "முடியல மாமா", "அய்யோ செத்தேன் அண்ணா", "சிரிச்சு சிரிச்சு வவுறு நோவுது". எழுதியவர்கள் எல்லாரும் பெண்கள். அடுப்பில் பணியாரம் வேகும்போது, ஒரு கையில் கரண்டியோடு தட்டியவை. ஆண்கள் ஒரு கட்டைவிரல் காட்டுவார்கள், அல்லது அதுவும் இல்லை. அவர்கள் பதில் போடாததை யாரும் கவனிப்பதில்லை.

நான் ஒரு ஞாயிறு ஒன்றும் போடவில்லை. வேண்டுமென்றேதான். பதினொரு மணிக்கு நாத்தனார் போன் செய்தார். "ஏ அம்மிணி, மேலுக்கு ஏதும் சுகமில்லையா? குரூப்புல ஒண்ணுமே போடல?"

"நல்லாத்தான் இருக்கறனுங்க அண்ணி."

"அப்பறம் கோவமா? அவரு கேட்டாரு. ஒரு பொம்மையாவது போட்டு உடு கண்ணு. என்ன கொறஞ்சு போவப் போறோம்?"

அவர் நல்லவர். எனக்காகத்தான் சொன்னார். அவருக்கும் அந்தப் பகடிக்குச் சிரிப்பு வந்திருக்காது. ஆனால் அந்த வீட்டில் நாற்பது ஆண்டுகளாக எல்லார் பேச்சுக்கும் உம் கொட்டிக்கொண்டிருப்பவர் அவர்தான். அதை நிறுத்தினால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். தோழி போட்ட சதுர இட்லிக்குச் செத்தேன் என்பதும், மாமா போட்ட சிலிண்டர் பகடிக்குச் செத்தேன் என்பதும் எழுத்தில் ஒன்று. முன்னது கொடுப்பது. பின்னது கட்டுவது, தண்டல்காரருக்குக் கட்டுவது போல. வித்தியாசம் தெரிய வேண்டுமானால் ஒன்றைக் கவனிக்கலாம். தோழிக்கு எழுதும்போது செத்தேனோடு ஏதாவது ஒட்டியிருக்கும்: "செத்தேன், அந்த மூலையப் பாருடி, கத்தி மாதிரி." பகடியின் ஏதோ ஒரு நுனியை அவள் கையால் தொட்டிருப்பாள். மாமாவுக்கு எழுதும்போது முறைப்பெயர் ஒட்டியிருக்கும். வேறு ஒன்றும் இருக்காது.

பெரிய சொல்லைச் சின்ன விஷயத்தில் போடுவதே நகைச்சுவையாக இருக்கலாம் என்பதும் உண்மை. 2019 மே மாதக் கடைசியில் உலகம் முழுவதும் இருந்த தமிழர்கள் காண்ட்ராக்டர் நேசமணி பிழைக்க வேண்டும் என்று பிரார்த்தனை செய்தார்கள். முகநூலில் ஒரு கட்டுமானப் பொறியியல் பக்கம் சுத்தியல் படம் ஒன்றைப் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டிருந்தது. ஒரு தமிழர் பெயரைச் சொல்லி, ஜமீன் பங்களாவில் இது தலையில் விழுந்துதான் நேசமணி மண்டை உடைந்தது என்று சேர்த்தார். 2001இல் வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் வடிவேலு பட்ட அடி அது. விவரம் தெரியாத ஒருவர், இப்போது அவர் நலமா என்று உண்மையாகவே கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு மருத்துவமனை அறிக்கை, கண்ணீர், மெழுகுவத்தி எல்லாம் வந்தன. அங்கே சிரிப்பு முழுவதும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்வதில் இருந்தது. சிரிக்கிறேன் என்று யாராவது எழுதியிருந்தால் ஆட்டம் கலைந்திருக்கும். என் மாணவிகள் பலருக்கும் அப்போது பள்ளிக்கூட வயது. செத்தேன் என்று முகம் அசையாமல் தட்டும் கலையை அவர்கள் அந்த மாதிரி ஆட்டங்களில்தான் பழகியிருக்க வேண்டும்.

முகம் அசையாமல். இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பேருந்தில், விடுதி வராந்தாவில், துறை நூலகத்தில். உதட்டில் ஒரு மடிப்புக்கூட விழாது, விரல் கதறிட்டேன் என்று அடிக்கும். இது போலித்தனம் என்று சொல்பவர்கள், அந்தப் பெண் எங்கே உட்கார்ந்து அடிக்கிறாள் என்று யோசிப்பதில்லை. ஒரு மாணவி சொன்னாள். அவள் வீடு ஓர் அறையும் சமையலறையும். இரவில் அப்பா, தம்பி, பாட்டி, அவள் என்று வரிசையாகப் படுக்கை. போனைப் போர்வைக்குள் வைத்து, வெளிச்சத்தைக் கடைசி வரைக்கும் குறைத்து, குழுவில் பேசுவாளாம். நல்ல பகடி வந்தால் போர்வையைப் பல்லில் கடித்துக்கொள்வாளாம். பொம்பள சிரிச்சா போச்சு, புகையிலை விரிச்சா போச்சு என்று பழமொழி வைத்திருக்கும் ஊர் இது. புகையிலை விரித்தால் காய்ந்து உதிரும், மணம் போகும். பெண் வாய்விட்டுச் சிரித்தாலும் அதே நட்டம் என்று கணக்குப் போட்டவர்கள். திரௌபதி சிரித்ததால்தான் பாரதப் போரே வந்தது என்று கதைப் பேச்சில் இன்றும் சொல்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் சத்தம் வராத ஒரு கதறல் கிடைத்தால் அதை விடுவார்களா?

கதறல் என்ற சொல்லுக்கு இன்னொரு வாழ்வும் உண்டு. அதையும் சொல்ல வேண்டும். இணையத்தில் ஒரு பெண் கருத்துச் சொன்னால், சற்று உறுதியாகச் சொன்னால், கீழே வந்து "என்ன ஒரே கதறல்" என்று எழுதுகிறார்கள். எங்கள் ஊர் இழவு வீடுகளில் மாரில் அடித்துக்கொண்டு கதறுவது பெண்கள் வேலை. அந்தப் படத்தை எடுத்து அவளுடைய வாதத்தின் மேல் ஒட்டிவிடுகிறார்கள். அவள் காரணம் சொல்லவில்லை, கதறுகிறாள், அவ்வளவே. மாணவிகள் அதே சொல்லைத் தோழியின் பகடிக்குப் போட்டுப் போட்டு நைந்த துணியாக்கிவிட்டதில் எனக்கு வருத்தமில்லை.

மூன்று சொற்களில் எனக்கு உண்மையாகவே கவலை தருவது முடியல என்பதுதான். செத்தேன் என்பது ஒரு நாளும் மெய்யாகாது. முடியல ஒவ்வொரு நாளும் மெய்யாகிறது. மாதவிடாயின் இரண்டாம் நாள் முடியல. இரண்டு பேருந்து மாறிக் கல்லூரிக்கு வந்து, திரும்பப் போய்ச் சோறாக்குவது முடியல. இங்கே உடம்பு சரியில்லை என்பதற்கே முடியல என்றுதான் பெயர்: "அவளுக்கு முடியலைங்க." இந்தச் சொல்லும் சிரிப்புக்குப் போய்விட்டால் உண்மையில் முடியாதவள் எதைச் சொல்வாள்?

இதற்குக் கடந்த ஆண்டு எனக்கு ஒரு பதில் கிடைத்தது. மூன்றாமாண்டு மாணவி, விசைத்தறிக் குடும்பம். கல்லூரி விட்டுப் போய் இரவு வரை தார் சுற்றுவாள். ஒரு நாள் இரவு பத்தரை மணிக்கு வகுப்புக் குழுவில் யாரோ போட்ட படத்துக்கு "முடியலலல" என்று எழுதியிருந்தாள். ல் என்பதை விரல் எடுக்காமல் அழுத்தியிருக்கிறாள். அடுத்த ஐந்து நிமிடத்தில் எனக்குத் தனியாக ஒரு செய்தி: "என்னால முடியல மேம்."

நான் உடனே கூப்பிட்டேன். கூப்பிடும்போது ஏன் என்று யோசிக்கவில்லை. பிறகு யோசித்தேன். குழுவில் இருந்த முடியலவுக்கு எழுவாய் இல்லை. யாருக்கு, யாரால், எது என்று ஒன்றும் இல்லை. சிரிப்புக்கான முடியல எப்போதும் அப்படித்தான் வரும், வேற்றுமை உருபு இல்லாமல், மொட்டையாக. எனக்கு வந்ததில் 'என்னால' இருந்தது. மூன்றாம் வேற்றுமை. உடம்பு சரியில்லை என்றால் 'எனக்கு முடியல', நான்காம் வேற்றுமை. தாங்கவில்லை என்றால் 'என்னால முடியல'. விளையாடும்போது தன்னை வாக்கியத்திலிருந்து எடுத்துவிடுகிறவள், உண்மையைச் சொல்லும்போது உருபோடு தன்னை உள்ளே வைக்கிறாள். எழுத்து நீளவில்லை. படம் இல்லை. கூட்டத்துக்கு இல்லாமல் ஒருவருக்கு வந்தது. கூப்பிடும் சொல் ஒன்று கடைசியில் இருந்தது. இந்த நான்கையும் அதற்குப் பிறகு வேறு பெண்களின் செய்திகளிலும் பார்த்துக்கொண்டே வருகிறேன். எப்போதும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். விளையாட்டுக் குரலிலேயே உண்மையைச் சொல்லிப் பார்த்துவிட்டு, எதிரில் இருப்பவர் சிரிக்கிறாரா என்று பார்க்கும் பெண்களும் உண்டு. ஒரே வாரத்தில் அதே பகடியை நான்காவது முறை சொன்னால் அது பகடி இல்லை. அந்த இடத்தில் உருபைத் தேடிக்கொண்டிருக்காமல், "சாப்ட்டியா, எங்க இருக்கற?" என்று கேட்டுவிடுவது நல்லது.

அந்தப் பெண்ணுக்கு வீட்டில் நிச்சயம் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார், தேர்வு எழுத வேண்டாம், கல்யாணத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார்கள். ஒரு மணி நேரம் பேசினாள். பேச்சுக்கு நடுவில் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மறுநாள் அவள் அம்மாவிடம் நானும் இன்னொரு ஆசிரியையும் போய்ப் பேசினோம். தேர்வை எழுதவிட்டார்கள். கல்யாணம் அடுத்த மாதமே நடந்தது. அழைப்பிதழ் கொண்டுவந்து கொடுக்கும்போது அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அந்தச் சிரிப்பு உரைகாரர் சொன்ன மூன்றில் எது என்று எனக்குப் பிடிபடவில்லை.

சென்ற பருவத்தில் காலவழுவமைதி நடத்தும்போது கரும்பலகையில் செத்தேன் என்று எழுதி, இது விரைவா, மிகுதியா, தெளிவா, இயல்பா என்று கேட்டேன். மிகுதி என்று பாதி வகுப்பு சொன்னது. சிரிப்பு மிகுந்ததால் வந்தது என்று காரணமும் சொன்னார்கள். பின்வரிசையில் ஒருத்தி எழுந்து, "சிரிப்பே வரலியே மேம், அப்பறம் எங்க மிகுதி? அது இயல்பு" என்றாள். நாங்கள் அன்று அரைமணி நேரம் அதிலேயே இருந்தோம். அவள்தான் சரி என்று நினைக்கிறேன்.

அப்படியானால் நிஜமாகவே சிரிப்பு வந்துவிட்டால் என்ன எழுதுவீர்கள் என்று கேட்டதற்கு அவளே போனைத் திறந்து முந்தின இரவு தோழிக்கு அனுப்பியதைக் காட்டினாள். செத்தேன் இல்லை, கதறல் இல்லை, மண்டையோடு இல்லை. "ஏய், சத்தமா சிரிச்சுட்டேன்டி. அம்மா எந்திரிச்சுட்டாங்க."